காய்ச்சலோடு வண்டி ஓட்டுவது: வாரக் கணக்கு முடிய நான்கு நாள்தான் இருக்கிறது, என்ன செய்ய?

இரவுச்சவாரி · வியாழன், மதியம் 12.10

நான் பைக்கில் டெலிவரி ஓட்டுகிறேன். செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், திடீரென்று குளிர் எடுத்தது. அரை மணி நேரத்தில் முதுகு, தொடை எல்லாம் அடித்துப் போட்டாற்போல் ஆகிவிட்டது. இரவு பார்த்தால் 102 டிகிரி. நேற்று மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்பது மணி நேரம் ஓட்டினேன். இன்று காலை எழுந்திருக்கவே முடியவில்லை. மாத்திரை போட்டதும் இப்போது 99-க்கு வந்திருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால் ஞாயிறு இரவோடு வாரக் கணக்கு முடிகிறது. 90 ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை உண்டு, அது என் ஒன்றரை நாள் வருமானம். இதுவரை 61 முடித்திருக்கிறேன். திங்கட்கிழமை வண்டித் தவணை வேறு. படுத்தால் அன்றைய வருமானமும் போய், ஊக்கத்தொகையும் போய்விடும்.

தயவுசெய்து “உடம்புதான் முக்கியம், ஓய்வெடு” என்று மட்டும் எழுதாதீர்கள். அது எனக்கும் தெரியும். எவ்வளவு ஓய்வு எடுத்தால் எவ்வளவு மிஞ்சும், ஓட்டியே ஆக வேண்டும் என்றால் எப்படி ஓட்டுவது, அதைச் சொல்லுங்கள்.

---

பழையகியர் · வியாழன், 12.31

தம்பி, இருபது வருஷம் லாரி ஓட்டினவன் சொல்கிறேன். காய்ச்சலைப் படுத்தே வளர்க்கக் கூடாது. நன்றாக வேர்க்கவிட்டால் இறங்கிவிடும். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் மூன்று நாளைக்கு வாங்கிப் போடு, சளிக்கு ஒரு மாத்திரை. மாஸ்க் போட்டுக்கொள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், தாகம் எடுக்காவிட்டாலும் குடித்துக்கொண்டே இரு. நான் ஒரு நாளும் லீவு போட்டது கிடையாது.

இன்னொன்று. ஓய்வெடு ஓய்வெடு என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் இவன் எங்கே போய் ஓய்வெடுப்பான்? பகலில் தூங்குகிறவன் ஒருவன், இரவில் தூங்குகிறவன் ஒருவன். வண்டியில் இருந்தாலாவது காற்று வரும்.

---

வார்டுக்காரி · வியாழன், 1.15

அவசரப் பிரிவில் பதினான்கு வருஷமாக நர்ஸ். பழையகியர் அண்ணா சொன்னதில் தண்ணீரும் மாஸ்கும் சரி. ஆன்டிபயாட்டிக் வேண்டாம், ஃப்ளூ வைரஸ், அது வைரஸை ஒன்றும் செய்யாது. வேர்ப்பது காய்ச்சல் இறங்கும்போது தானாக நடப்பது. வேர்க்க வைத்தால் காய்ச்சல் இறங்கும் என்பது தலைகீழ். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டு வெயிலில் வேர்த்தால் நீர்ச்சத்துதான் போகும்.

இரவுச்சவாரி, இத்தனை மணிக்குத் தொடங்கியது என்று உங்களால் சொல்ல முடிகிறது பாருங்கள், அதுவே ஃப்ளூவாக இருக்கலாம் என்பதற்கு ஒரு அடையாளம். சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். ஃப்ளூவில் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் நிற்கும், இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கும். மற்றவர்களுக்கு அதிகமாகத் தொற்றுவது முதல் மூன்று நாள். செவ்வாய் சாயங்காலம் தொடங்கியது என்றால் இன்றும் நாளையும் உங்களுக்கும் மோசமான நாள், எதிரில் இருப்பவருக்கும் மோசமான நாள். லீவு இரண்டு நாள்தான் கட்டுப்படியாகும் என்றால் அந்த இரண்டு நாள் இதுதான். பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதல் மூன்று நாள் மாத்திரையில் ஓட்டிவிட்டு, நான்காம் நாள் விழுந்து ஒரு வாரம் படுக்கிறார்கள்.

ஓய்வெடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வைரஸ் தன் நாட்களை எடுத்துக்கொள்ளும். ஓய்வில் கிடைக்கிற லாபம் வேறு: விபத்து இல்லை, நீர்ச்சத்து போவதில்லை, அறையில் இருக்கிற மற்றவர்களையும் வழியில் சந்திக்கிறவர்களையும் விழ வைப்பதில்லை.

ஒரு கேள்வி. நேற்று என்னென்ன மாத்திரை போட்டீர்கள்? பெயர் வேண்டாம், அட்டையின் பின்னால் உள்ளே இருக்கும் மருந்தும் அளவும் எழுதியிருக்கும், அதை எழுதுங்கள்.

---

இரவுச்சவாரி · வியாழன், 1.40

காய்ச்சல் மாத்திரை: பாராசிட்டமால் 650, நான்கு வேளை. சளி மாத்திரை: பாராசிட்டமால் 500, ஃபெனிலெஃப்ரின், குளோர்பெனிரமைன் 2 என்று போட்டிருக்கிறது. அது மூன்று வேளை.

ஓ. இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கிறதா?

---

வார்டுக்காரி · வியாழன், 1.58

இருக்கிறது. 650 நான்கு வேளை 2600 மில்லிகிராம், 500 மூன்று வேளை 1500, ஆக 4100. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4000-தான் உச்சவரம்பு, அதுவும் ஈரல் நன்றாக இருப்பவருக்கு. எடை குறைந்தவர், தினம் குடிப்பவர் என்றால் அதைவிடக் குறைவு. ஒரு நாள் 4100 போட்டதற்காகப் பயப்பட வேண்டாம், நாளையும் இதே கணக்கில் போகக் கூடாது. சளி மாத்திரையை நிறுத்துங்கள், தனிப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரம் விடுங்கள்.

சளி மாத்திரையை நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணம் அந்தக் குளோர்பெனிரமைன். மூக்கொழுகலை நிறுத்தும், கூடவே மூளையையும் மந்தமாக்கும். இரவு போட்டால் காலையில் போய்விடும் என்று நினைக்கிறோம். அதில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இதே வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமைன் என்கிற மருந்தை வைத்து அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஓட்டும் சிமுலேட்டரில் ஒரு சோதனை செய்தார்கள், 2000-த்தில் வெளியானது. அந்த மாத்திரை போட்டவர்கள் ஓட்டியது, மது குடித்தவர்கள் ஓட்டியதைவிட மோசமாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, தூக்கம் வருகிறதா என்று அவர்களைக் கேட்டுக் கிடைத்த பதிலை வைத்து யார் மோசமாக ஓட்டுவார் என்று சொல்ல முடியவில்லை. “எனக்குத் தூக்கமே வரலை, நல்லாத்தான் ஓட்டுறேன்” என்பது இங்கே சாட்சியாகாது.

---

இரவுச்சவாரி · வியாழன், 2.20

நேற்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன், முதலில் எழுத வெட்கமாக இருந்தது.

ராத்திரி எட்டு மணி வாக்கில் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். மாஸ்க் போட்டிருந்ததால் ஹெல்மெட் கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்து, எதிர் விளக்குகள் எல்லாம் பஞ்சு மாதிரி தெரிந்தன. பச்சை விழுந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் போக வேண்டும் என்று தோன்றவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கை ஆக்ஸிலரேட்டரைத் திருகியது. கொஞ்ச தூரம் போனதும் சைடு ஸ்டாண்டை எடுக்கவே இல்லை என்று எதிரே வந்தவர் கத்தினார். ஏழு வருஷத்தில் ஸ்டாண்டு எடுக்க மறந்தது கிடையாது.

---

சாவிக்கொத்து · வியாழன், 2.47

இதைப் படித்ததும் பகீர் என்றது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது வண்டி. அரை நொடி தாமதமாகப் பிரேக் பிடித்தால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய் நிற்கும். ஒரு கார் நீளத்துக்கு மேல். ஆஸ்பத்திரிச் செலவு, வண்டிச் செலவு எல்லாம் உங்கள் ஒன்றரை நாள் ஊக்கத்தொகையோடு ஒப்பிடவே முடியாது, தம்பி.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் சிக்கல் வேறு. நான் பைக் இல்லை, மூடின வண்டி. பின்னால் ஒரு ஆள் அரை மணி நேரம் உட்கார்ந்து வருவார். போன மாதம் எனக்கு இருமல் இருந்தபோது ஒரு வயதான அம்மா ஏறினார். ஒவ்வொரு முறை நான் இருமும்போதும் கண்ணாடியில் அவர் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைப்பது தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த நிலையில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

---

வார்டுக்காரி · வியாழன், 3.30

காய்ச்சல் இருக்கும்போது கார் ஓட்டக் கூடாது என்பதுதான் முதல் பதில். காய்ச்சல் விட்டு இருமல் மட்டும் மிச்சம் என்றால் சில வழிகள் உண்டு.

ஏ.சி.யில் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான் இருக்குமே, அதை அணைத்து வெளிக்காற்று வரும்படி வையுங்கள். நல்ல மாஸ்க் நீங்கள் போடுங்கள், பயணி போட்டாலும் போடாவிட்டாலும். பயணியை முன்னால் உட்கார வைக்காதீர்கள். பின் இருக்கையில் உங்களுக்கு நேர் பின்னால் வேண்டாம், மறுகோடியில் உட்காரச் சொல்லுங்கள். நான்கு கண்ணாடியையும் இறக்கினால் மிக நல்லது. மழை, தூசு என்று இரண்டுதான் இறக்க முடியும் என்றால், எல்லாரும் தன் பக்கத்துக் கண்ணாடியைத்தான் இறக்குவார்கள். கொரோனா காலத்தில் பிரௌன் பல்கலைக்கழகத்தினர் காருக்குள் காற்று ஓடுவதைக் கணினியில் கணக்கிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். அதன்படி ஓட்டுநருக்கு எதிர்ப் பக்க முன் கண்ணாடியும், பயணிக்கு எதிர்ப் பக்கப் பின் கண்ணாடியும் திறந்திருந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் காற்று ஒரு திரை மாதிரி ஓடுகிறது. அதாவது உங்களுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி ஒன்று, உங்கள் பக்கத்துக் காலி இருக்கைக் கண்ணாடி ஒன்று.

---

சாவிக்கொத்து · வியாழன், 3.52

இது நான் யோசிக்காதது. ஆனால் கண்ணாடியை இறக்கினால் ஏ.சி. போடவில்லை என்று மதிப்பெண் குறைப்பார்கள். “எனக்கு இருமல், அதனால்தான்” என்றால் பயணத்தையே ரத்து செய்கிறார்கள். உண்மையைச் சொன்னவனுக்குத்தான் நஷ்டம்.

---

மூன்றாம்மாடி · வியாழன், 4.05

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. இப்படிக் காய்ச்சலோடு வருகிறவர்கள் தொட்ட பார்சலை வாங்கலாமா? வெளியே ஒரு நாள் வைத்துவிட்டுத் திறந்தால் போதுமா? கிருமிநாசினி அடிக்க வேண்டுமா? இதை யாரும் சொல்லவில்லையே.

---

மேஸ்திரி_மகன் · வியாழன், 4.18

இங்கே ஒருத்தர் ஸ்டாண்டு எடுக்க மறந்து சாகப் பார்த்திருக்கிறார், உங்களுக்குப் பார்சல் கவலை.

---

வார்டுக்காரி · வியாழன், 4.40

சண்டை வேண்டாம், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். ஃப்ளூ வைரஸ் பிளாஸ்டிக், எஃகு மாதிரி வழவழப்பான பரப்பில் ஒன்று இரண்டு நாள் உயிரோடு இருக்கும். கைக்கு வந்தால் சில நிமிஷம்தான். ஆகவே பார்சலைப் பிரித்து, உறையைத் தூக்கிப் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுங்கள். அவ்வளவு போதும். முகத்துக்கு நேரே நின்று பேசுவதில்தான் அதிக ஆபத்து, அதனால் வாசலில் வைத்துவிட்டுப் போகும்படி குறிப்பு எழுதுங்கள்.

---

இரவுச்சவாரி · வியாழன், 4.51

மூன்றாம்மாடி, உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. லிஃப்ட் இல்லாத வீடா? காய்ச்சலில் எனக்கு வண்டியைவிடக் கஷ்டம் படிதான். நேற்று ஒரு வீட்டில் நான்கு மாடி ஏறி, கதவுக்கு வெளியே இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் மணி அடித்தேன். “கீழே வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்று ஒரு வரி போட்டால் எங்களுக்கு எவ்வளவோ உதவி. உங்களுக்கும் யாரும் வாசல் வரை வர மாட்டார்கள்.

---

மூன்றாம்மாடி · வியாழன், 5.02

லிஃப்ட் இல்லை. இதுவரை இதை யோசித்ததே இல்லை. போடுகிறேன்.

---

கணக்குப்பிள்ளை · வியாழன், 6.25

இரவுச்சவாரி, ஊக்கத்தொகை 90-க்கு மட்டும்தானா, இடையில் படி ஏதும் இல்லையா? பெரும்பாலும் இரண்டு மூன்று படி வைத்திருப்பார்கள்.

---

இரவுச்சவாரி · வியாழன், 6.33

75-க்கு ஒரு படி உண்டு. அரை நாள் வருமானம் கிடைக்கும். நான் எப்போதும் 90-ஐத்தான் பார்ப்பது வழக்கம்.

---

கணக்குப்பிள்ளை · வியாழன், 7.10

அப்போது கணக்கு வேறு மாதிரி. நீங்கள் மணிக்கு மூன்று ஆர்டர் முடிப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 90-க்கு இன்னும் 29 வேண்டும், பத்து மணி நேரம். 75-க்கு 14 போதும், ஐந்து மணி நேரம்கூட ஆகாது. வியாழன், வெள்ளி படுத்துவிட்டு, காய்ச்சல் விட்டால் சனி இரண்டரை மணி நேரம், ஞாயிறு இரண்டரை மணி நேரம் ஓட்டினால் கீழ்ப்படி கைக்கு வந்துவிடும். 90-ஐ விடுவதால் நஷ்டம் ஒரு நாள் வருமானம். படுத்த இரண்டு நாளையும் சேர்த்தால் மூன்று. குறைவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மனதில் போட்டு வைத்திருக்கிற “எல்லாமே போச்சு” இல்லை இது.

தவணைக்கு: திங்கள் தவறிய பிறகு கூப்பிடுவதற்கும் நாளை கூப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம். தேதிக்கு முன்னால் கேட்டால் சில நாள் தள்ளித் தருவார்கள், சில இடத்தில் பாதியை வாங்கிக்கொள்வார்கள். தவறிய பிறகு அபராதம் ஏறிவிடும், பேச ஒன்றும் இருக்காது. மருத்துவச் சீட்டு இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கைமாற்று வாங்கித் தவணை கட்டுவது கடைசி வழி.

---

மேஸ்திரி_மகன் · வியாழன், 8.45

உங்களுக்காவது படி இருக்கிறது. கட்டட வேலையில் வரவில்லை என்றால் அந்த நாள் கூலி இல்லை, அடுத்த நாள் இடமும் இல்லை. காலையில் ஆறரைக்கு நின்றவனைத்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

நாங்கள் செய்வது இதுதான். காய்ச்சல் வந்தவன் முதல் நாள் இரவே மேஸ்திரிக்குச் சொல்லி, தானே ஒரு மாற்றாளையும் அனுப்பிவிடுவான். மாற்றாள் நம் ஆளாக இருக்க வேண்டும், மூன்றாம் நாள் இடத்தை விட்டுத் தருவான் என்ற நம்பிக்கை உள்ளவனாக. மேஸ்திரிக்கு வேலை நின்றால்தான் கோபம், ஆள் மாறினால் இல்லை. அப்புறம் திரும்பி வந்த முதல் இரண்டு நாள் சாரத்தில் ஏறக் கூடாது, கலவை எந்திரம், வெட்டும் எந்திரம் பக்கம் போகக் கூடாது. தரையில் கம்பி கட்டுவது, சலிப்பது, தண்ணீர் அடிப்பது. கூலி கொஞ்சம் குறையும்.

இதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது எங்கள் அப்பா, தன் உடம்பை வைத்து. ஃப்ளூ வந்து நான்காவது நாள் வேலைக்குப் போனார். நெஞ்சு கனமாக இருக்கிறது, இருமி இருமி வலிக்கிறது என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மாலையில் வேர்த்துக் கொட்டியது. மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன் பிறகு மூட்டை தூக்கவில்லை.

---

வார்டுக்காரி · வியாழன், 9.20

மேஸ்திரி_மகன் எழுதியது தற்செயல் இல்லை. 2018-இல் கனடாவில் இருந்து வந்த ஆய்வு ஒன்று, பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட ஆறு மடங்கு என்று காட்டியது. நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர், புகைப்பவர் அந்த ஒரு வாரம் பாரம் தூக்கும் வேலையைத் தள்ளி வைப்பது நல்லது.

எதைப் பார்த்தால் பேரம் பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சில் அழுத்தம், பேச்சு குழறுவது, நாள் முழுக்கச் சிறுநீர் போகாமல் இருப்பது. இதோடு, பல பேர் தவறவிடும் ஒன்று: காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டு, மறுபடி காய்ச்சலும் அதிக இருமலும் வருவது. ஃப்ளூ திரும்பி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது நுரையீரலில் பாக்டீரியா புகுந்துகொண்டது. பழையகியர் அண்ணா, ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை வருவது அங்கேதான், டாக்டர் பார்த்து எழுதினால்.

ஓசெல்டாமிவிர் என்று ஃப்ளூவுக்கே ஒரு மருந்து உண்டு. தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், சீட்டு வேண்டும். நோயைச் சராசரியாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சுருக்கும், சிலருக்கு வாந்தி வரும். உங்களுக்கு இன்று சாயங்காலத்தோடு அந்த 48 மணி நேரம் முடிந்துவிட்டது. ஆஸ்துமா, சர்க்கரை, கர்ப்பம் என்று இருப்பவர்கள் முதல் நாளே டாக்டரிடம் கேட்பது நல்லது.

---

பழையகியர் · வியாழன், 9.41

சரிம்மா, ஆன்டிபயாட்டிக்கை விட்டுவிடுகிறேன். ஆறு பேர் அறைக்குப் பதில் சொல்லவில்லையே?

---

வார்டுக்காரி · வியாழன், 10.05

நல்ல பதில் என்னிடம் இல்லை அண்ணா. ஜன்னலோரம் படுக்கை, ஜன்னலைத் திறந்து வைப்பது, காய்ச்சல்காரர் அறைக்குள்ளும் மாஸ்க், தலைமாட்டைத் திருப்பி ஒருவர் தலை இன்னொருவர் கால் பக்கம் வருமாறு படுப்பது, தனித் தம்ளர். மொட்டை மாடி, வராண்டா இருந்தால் பகலில் அங்கே. தொற்று குறையும், நிற்காது.

இரவுச்சவாரி, உங்களுக்கு ஒரு அளவுகோல். மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற தொல்லைகளும் குறைந்துகொண்டு வர வேண்டும். அப்புறம் ஐந்து நாள் மாஸ்க், இடைவெளி. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் 99 காட்டுவது கணக்கில் வராது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால், கடைசி மாத்திரை போட்டு ஆறு மணி நேரம் ஆன பிறகு பாருங்கள்.

இதை எழுதிவிட்டு, நாளை காய்ச்சலோடு போகத்தான் போகிறேன் என்கிற ஆளும் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு: இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். சளி மாத்திரை போடாதீர்கள். தெரிந்த தெருக்களில் குறைந்த தூரம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வாசலில் வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். சிக்னலில் பச்சையைப் பார்த்தும் நின்றீர்களானால், ஸ்டாண்டு மறந்தீர்களானால், அடுத்த ஆர்டரை எடுக்காமல் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் எச்சரிக்கை வராது.

---

கணக்குப்பிள்ளை · வெள்ளி, காலை 7.50

இரவெல்லாம் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் படுப்பதுதான் விடை என்றால், அந்த இரண்டு நாளுக்கு யார் தருவது? நிறுவனம் தர வேண்டும் என்று போராடுவது வேறு விஷயம், அது நடக்கட்டும். நாமே என்ன செய்யலாம் என்று ஒரு கணக்கு.

ஒரே இடத்தில் ஓட்டுகிற பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் மாதம் ஒரு மணி நேர வருமானத்தைப் பொதுவில் போடுவது. வருஷத்துக்கு 144 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 14.4 நாள் வருமானம். காய்ச்சல் வந்தவருக்கு முழு நாள் தராமல் அறுபது சதவீதம் தந்தால் 24 நாளுக்கு வரும். தலைக்கு இரண்டு நாள். முழுசாகத் தராததற்குக் காரணம் உண்டு. முழுசாகத் தந்தால் லேசான தலைவலிக்கும் எடுப்பார்கள், ஒன்றும் தராவிட்டால் 102-இலும் ஓட்டுவார்கள்.

எங்கே உடையும் என்றும் சொல்கிறேன். ஃப்ளூ எல்லாருக்கும் ஒரே பருவத்தில் வரும். சீட்டைத் தொடங்கி மூன்றே மாதத்தில் பருவம் வந்தால் கையில் 36 மணி நேரம்தான் இருக்கும், அதாவது ஆறு நாள். நான்காவது ஆள் படுக்கும்போது பானை காலி. அதனால் முதல் மாதம் மட்டும் மூன்று மணி நேரம் போட்டுத் தொடங்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடுப்பூசியையும் இதிலிருந்து கொடுத்தால் நல்லது. முழுசாகத் தடுக்காது, ஆனால் படுக்கிற தலை குறையும்.

---

சாவிக்கொத்து · வெள்ளி, 9.15

காய்ச்சல் உண்மையா என்று யார் பார்ப்பது? எங்கள் நிறுத்தத்தில் இப்படி ஒன்று தொடங்கி அந்தச் சண்டையிலேயே கலைந்தது.

---

கணக்குப்பிள்ளை · வெள்ளி, 9.40

தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். வெந்நீரில் முக்கினால் அதுவும் ஏறும். இரண்டு நாளுக்கு மேல் தருவதில்லை என்று வைத்தால் ஏமாற்றுகிறவனும் இரண்டு நாளோடு நிற்பான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

---

மேஸ்திரி_மகன் · வெள்ளி, 10.02

பொறுத்துக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. ஒருத்தன் ஏமாற்றினால் அடுத்த மாதம் பத்துப் பேர் போட மாட்டான்.

---

இரவுச்சவாரி · திங்கள், காலை 11.20

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

வியாழன், வெள்ளி படுத்தேன். வராண்டாவில் பாய் போட்டேன், அறையில் இருக்கிற இன்னும் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. வெள்ளி இரவு பத்து மணிக்குக் கடைசிக் காய்ச்சல், 100.6. சனிக்கிழமை காலையில் இருந்து மாத்திரை இல்லாமல் பார்த்தேன், இல்லை. சாயங்காலம் கிளம்பத் துடித்தது. இருபத்து நான்கு மணி நேரம் ஆகவில்லையே என்று உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறு பகல் பதினொன்றுக்குக் கிளம்பி, நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு மொத்தம் ஐந்து மணி நேரம் ஓட்டினேன். வேகம் வரவில்லை, மணிக்கு மூன்று என்பது எனக்கு நல்ல நாளில்தான். மொத்தம் 12. ஆக 73.

இரண்டு ஆர்டரில் 75 போச்சு. கிளம்பிப் போய் முடித்திருக்கலாம், ஆனால் ஐந்தாவது மணி நேரத்தில் ஒரு வீட்டு எண்ணை மூன்று முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டியிருந்தால் என்ன என்று இன்னும் வயிறு எரிகிறது. அதற்கு வார்டுக்காரி அக்கா என்ன சொல்வார் என்று தெரியும்.

தவணைக்கு வெள்ளியே கூப்பிட்டேன். நான்கு நாள் தள்ளித் தந்தார்கள், அபராதம் இல்லை.

கணக்குப்பிள்ளை அண்ணா, பானைக்கு ஏழு பேர் சம்மதித்திருக்கிறார்கள். பன்னிரண்டு இல்லை. ஏழு பேருக்கு அந்தக் கணக்கு நிற்குமா?

---

கணக்குப்பிள்ளை · திங்கள், 11.48

தலைக்கு இரண்டு நாள் என்பது ஏழு பேருக்கும் அப்படியே வரும், தலை குறைந்தால் பணமும் குறையும், செலவும் குறையும். ஆனால் சிறு கூட்டத்தில் மூன்று பேர் ஒரே வாரம் படுத்தால் தாங்காது. உங்கள் அறையில் இப்போதே இரண்டு பேர் படுத்திருக்கிறார்களே, அவர்கள் அந்த ஏழில் உண்டா?

---

இரவுச்சவாரி · திங்கள், 11.55

இரண்டு பேரும் உண்டு.